தொலைக்காட்சி விற்கும் திருகோணமலை வணிகர்களுக்கு: மேலதிக வாரண்டி பற்றி ஒரு திறந்த மடல்

திருகோணமலை நகரில் மின்சாதனங்கள் விற்கும் கடைக்காரப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் உப்புவெளியில், கடலுக்கு வெகு அருகில் வசிப்பவன். உங்களில் ஒருவரிடம் 1,35,000 ரூபாவுக்கு 43 அங்குலத் தொலைக்காட்சி வாங்கியபோது, நிறுவனம் தரும் ஓராண்டு வாரண்டிக்கு மேல் இன்னும் 2 ஆண்டுகள் கிடைக்கும் என்று சொல்லப்பட்டதால், 13,500 ரூபா கூடுதலாகக் கட்டினேன். நிபந்தனைத் தாள் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தது. கட்டுமுன் நான் அதை வாசிக்காதது என் பிழைதான்.

20ஆம் மாதம் ஒருநாள் சத்தம் வந்தது, திரை இருண்டே கிடந்தது. விளக்கை அணைத்துவிட்டுத் திரையோடு ஒட்டி டோர்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே படம் மங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. பெனல் நன்றாக இருக்கிறது, அதன் பின்னால் ஒளி தரும் எல்இடி பட்டிகளோ அவற்றுக்கு மின் கொடுக்கும் பகுதியோதான் பழுது என்பதற்கு அது அடையாளம். ஆனால் கடைத் திருத்துநர், மூடியைக் கழற்றி, இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருப்பதைக் காட்டி, ஈரமும் உப்பும் ஏற்படுத்திய அரிப்புக்கு வாரண்டி இல்லை என்று எழுதிக் கொடுத்தார். தாளில் அது உண்மையில் இருந்தது. மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், எறும்பு, பல்லி, திரை வெடிப்பு ஆகியவையும் இருந்தன. இந்த ஊரில் தொலைக்காட்சிகளுக்கு வரும் வியாதிகளில் பாதி இவைதானே!

வெளியே ஒருவரிடம் கொடுத்தேன். பட்டியிலுள்ள எல்இடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டவை. அதில் ஒன்று செத்தாலே முழுப் பட்டியும் அணைந்துவிடும். அவர் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பழுதானதைக் காட்டினார். அரிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பட்டிகளை மாற்ற 11,000 ரூபா ஆனது. இதில் வேடிக்கை என்னவென்றால், உங்கள் வாரண்டி இதை ஏற்றிருந்தாலும், கட்டிய பணத்தில் 2,500 ரூபா எனக்கு நட்டமாகவே இருந்திருக்கும்.

ஒளிப்பட்டி, பவர் போட் போன்றவற்றை வெளியில் திருத்தும் செலவு பெரும்பாலும் இப்படித்தான் வாரண்டித் தொகைக்குள் அடங்கிவிடுகிறது. பெனல் மட்டும் வேறு கதை. வெடிப்பே இல்லாமல் நெடுக்குக் கோடுகள் விழுந்தால் அதை மாற்றும் விலை புதுத் தொலைக்காட்சியின் விலையை நெருங்கும். ஆகவே, இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளிலும் பெனலின் சொந்தப் பழுதை முழுமையாக ஏற்கும் வாரண்டிக்கு மட்டுமே பணம் கட்டலாம் என்பது என் முடிவு. எனது தாளிலோ பெனல் முதல் ஆண்டுக்கு மட்டும்தான். அந்த ஓராண்டை நிறுவனமே இலவசமாகத் தருகிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான்: விலக்குகளை ஒரு பக்கத் தமிழ்த் தாளாக்கி, பணம் வாங்குமுன் கையில் கொடுங்கள், பெனல் எத்தனை மாதம், கோடு விழுந்தால் அது அழுத்தத்தால் வந்ததா என்று தீர்மானிப்பவர் யார், திருத்த முடியாவிட்டால் கிடைப்பது புதுத் தொலைக்காட்சியா, தேய்மானம் கழித்த தொகையா என்பவற்றை அதில் எழுதுங்கள். அரிப்பு என்று மறுக்கும்போது, பழுதான பாகமே அரித்ததா என்பதை வாடிக்கையாளர் முன்னிலையில் சோதித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளி வாடிக்கையாளர் ஒருவர்