துரை மாமாவிடம் எப்படிக் கேட்பது

யாங்கோன்
26 பிப்ரவரி 2026

அன்பு மகன் குமரேசனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பத்தாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மற்றச் செய்திகளை அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "மாமாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன் அப்பா" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. போனில் சொல்ல வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்ததை நாள்வாரியாகப் பார். 5ஆம் தேதி மாமா உன்னையும் அந்தச் சரக்குக் கம்பெனி மேலாளரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து, "இவன் என் மருமகன், வேலை தெரிந்தவன், இருவரும் பேசிக்கொள்ளுங்கள்" என்று எழுதினார். அந்த வரியோடு மாமா செய்ய வேண்டியது முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீதான் அன்றைக்கே, இல்லையென்றால் மறுநாள், மேலாளருக்கு எழுதியிருக்க வேண்டும். வேலை தேடுகிறவன்தான் முதலில் எழுதுவான், வேலை கொடுக்கிறவர் எழுதமாட்டார். அவர் எழுதுவார் என்று நீ நான்கு நாள் காத்திருந்து 9ஆம் தேதி எழுதினாய். எழுதியதும் இரண்டு பக்கம், கூடவே மூன்று இணைப்புகள். 17, 18 தேதிகளில் சீனப் புத்தாண்டு விடுமுறை. அந்த வாரம் முழுவதும் சிங்கப்பூரில் பாதி அலுவலகம் ஊரில் இருக்காது என்று நீயே முன்பு சொன்னாய். ஆக, அவருக்கு உன் கடிதத்தைப் படிக்க உண்மையில் கிடைத்த நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்.

இதற்குள் நீ மாமாவுக்கு 12, 14, 16, 19 என்று நான்கு முறை வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறாய். நான்கும் ஒரே கேள்வி: "அவர் ஏதாவது சொன்னாரா மாமா?" உனக்கு அது சின்னக் கேள்வி. மாமாவுக்கு அப்படி இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அவர் அந்த மேலாளரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவர் பழைய நட்பில் கொஞ்சம் செலவாகும். கூப்பிடாவிட்டால் "இன்னும் இல்லை" என்று உன்னிடம் மறுபடியும் சொல்ல வேண்டும். ஒருவேளை மேலாளர் முன்பே மறுத்திருந்தால்? அதை மருமகனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் தவித்துக்கொண்டிருக்கலாம். ஒருவர் பதில் போடாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் அலட்சியம் காரணமில்லை தம்பி, கூச்சம்தான்.

இனிமேல் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் உன் பக்கத்தைச் சரிபார். ஸ்பாம் பெட்டியைத் திறந்து பார், மேலாளருடைய பதில் அங்கே விழுந்து கிடக்கலாம். அதில் எதுவும் இல்லையென்றால், மாமாவிடம் போகாமல் அந்த மேலாளருக்கே ஒரு முறை எழுது. புதிய மின்னஞ்சலாக வேண்டாம். மாமா தொடங்கிவைத்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக எழுது, மாமாவின் பெயர் அவர் கண்ணில் படட்டும். ஆனால் மாமாவுக்கு நகல் போடாதே. நகல் போட்டால், பெரியவரைச் சாட்சிக்கு நிறுத்திவைத்துக் கேட்பது போல ஆகிவிடும். மூன்று வரி போதும். விடுமுறைக்குப் பின் நினைவூட்டுகிறேன் என்று ஒன்று, என்ன வேலை தெரியும் என்று ஒன்று, இப்போது இடமில்லை என்றாலும் ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும் என்று ஒன்று. இணைப்பு எதுவும் வேண்டாம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பொறு. அப்போதும் பதில் இல்லையென்றால்தான் மாமாவுக்கு. எழுத வேண்டியதை நானே எழுதிப் பார்த்தேன். நான்கு தாளைக் கிழித்துப் போட்டபின் வந்தது இது:

"மாமா, வணக்கம். நீங்கள் செய்துகொடுத்த அறிமுகத்துக்கு மீண்டும் நன்றி. 9ஆம் தேதி அவருக்கு எழுதினேன், விடுமுறைக்குப் பின் ஒரு முறை நினைவூட்டினேன், பதில் இன்னும் வரவில்லை. நீங்கள் அவரிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். இப்போது அங்கே இடமில்லை என்றால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள், எனக்கு வருத்தம் இருக்காது. வேறு இரண்டு இடங்களிலும் முயன்றுகொண்டிருக்கிறேன். மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்."

இதில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை, கவனித்தாயா? கேள்வி இருந்தால் அவர் பதில் தேடியாக வேண்டும். இதற்கு அவர் பதில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, யார் முகமும் வாடாது. இடமில்லை என்று சொல்ல நீயே வழி திறந்துவிட்டதால், அந்தக் கசப்பான செய்தியைச் சொல்வது அவருக்கு எளிதாகும். வேறு இடங்களில் முயல்வதை எழுதுவது ஏன் என்றால், உன் பிழைப்பு முழுவதும் தன் தோளில் இருக்கிறது என்ற பாரம் அவருக்கு இறங்க வேண்டும். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். உண்மையிலேயே இரண்டு இடத்துக்கு எழுதிவிட்டு, அதன்பின் இதை அனுப்பு.

அவர் "பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னால் அதோடு விட்டுவிடு. மூன்று வாரமாவது அந்தப் பேச்சையே எடுக்காதே. "உன் விவரத்தை மறுபடி அனுப்பு" என்றால், அவர் மறுபடி பேசத் தயாராகிவிட்டார் என்று பொருள். உடனே நான்கு வரியில் அனுப்பு, அவர் ஒரு எழுத்தும் சேர்க்காமல் அப்படியே தள்ளிவிடும் வகையில் இருக்க வேண்டும். ஒன்றுமே சொல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து எதையும் கேட்காமல் நலம் விசாரி. எப்படியானாலும் வேலை கிடைத்த அன்று, அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும், மாமாவுக்கு முதலில் சொல்.

இதில் ஒரு விஷயத்தை நீ எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறாய் என்று தோன்றுகிறது. வேலை பாஸ் ரத்தானால் 30 நாள்தான் தங்க விடுவார்கள் என்று போன வருடம் உன் அறைத்தோழன் விஷயத்தில் சொன்னாய். உன் பாஸ் என்ன நிலையில் இருக்கிறது? அம்மாவிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். உனக்கு நிஜமாகவே ஒரு கடைசித் தேதி இருக்குமானால், மேலே எழுதியதில் ஒரு வரி சேர்த்துக்கொள்: "இன்ன தேதிக்குள் எனக்கு ஒரு முடிவு தெரிய வேண்டியிருக்கிறது." ஒரே முறை, தேதியோடு. அதை மாமா தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். தேதியை மறைத்து இரண்டு நாளுக்கு ஒரு முறை கேட்டதைத்தான் அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை. திரும்பி வருவதைப் பற்றி மட்டும் யோசிக்காதே. ஏன் என்று இங்கே எழுதமாட்டேன், உனக்குத் தெரியும். உன் அறையில் அம்மா புதுப் பாய் விரித்துவைத்திருக்கிறாள், அதைப் பார்க்கும்போதெல்லாம் இப்படிச் சொல்ல எனக்கு என்னவோ போலிருக்கிறது.

இதெல்லாம் உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். 1999இல் எனக்கு உளுந்துத் தரகு புதிது. பயின்னாங் சந்தை அண்ணாச்சி, சென்னைக்கு உளுந்து ஏற்றும் ஒரு கம்பெனிக்காரரிடம் என்னை அழைத்துக்கொண்டு போய், என் மாதிரிப் பொட்டலத்தை மேசையில் வைத்து, "நம்ம பையன்" என்றார். பத்து நாளாகப் பதில் இல்லை. நான் தினமும் காலையில் அண்ணாச்சி கடையில் போய் நின்றேன். எதுவும் கேட்கமாட்டேன், டீ குடித்துவிட்டு வருவேன், அவ்வளவுதான். கேட்காமல் நிற்பது கேட்பதைவிடக் கனமானது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர் போய்க் கெஞ்சி எனக்கு 50 மூட்டை வாங்கிக் கொடுத்தார். அந்த மூட்டைகளில் ஈரம் இருந்தது, அவசரத்தில் நான் சரியாகப் பார்க்கவில்லை. அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அண்ணாச்சி என்னைத் திட்டவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எவரையும் எவரிடமும் அழைத்துப் போகவில்லை. உன் சித்தப்பா கேட்டபோதும் மறுத்துவிட்டார். நம் வீட்டில் அண்ணாச்சி பேச்சு வந்தால் நான் ஏன் எழுந்து போய்விடுகிறேன் என்று உனக்கு இப்போது புரியும்.

இவ்வளவு தெரிந்தும், குமரேசா, நான் சென்ற வாரம் 18ஆம் தேதியும் 20ஆம் தேதியும் உன் மாமாவுக்குப் போன் செய்தேன். உனக்கும் அம்மாவுக்கும் சொல்லவில்லை. முதல் முறை நலம் விசாரித்தேன். இரண்டாம் முறை வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்து, "அத்தான், பையன்தான் கேட்கச் சொன்னானா?" என்றார். இல்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ அதையே கேட்டபோது எனக்கு நாக்கு எழவில்லை. அதனால்தான் போனைக் கைமாற்றினேன்.

ஆகவே உன் நான்கோடு என் இரண்டையும் சேர்த்து ஆறு என்று வைத்துக்கொள். மாமாவுக்கு நீ எழுதுவதை ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரம் தள்ளிப்போடு. நான் செய்ததற்கு நீ மன்னிப்புக் கேட்காதே. அந்தப் பேச்சை எடுத்தால் அவர் மறுபடி உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். இன்று காலை நானே அவருக்கு எழுதிவிட்டேன்: "போன் செய்தது என் பதற்றம். பையனுக்குத் தெரியாது. இனி கேட்கமாட்டேன்." மாமி ஒரு கும்பிடு குறி அனுப்பியிருக்கிறாள். மாமாவிடமிருந்து எதுவும் வரவில்லை. நானும் அவரைத் தொந்தரவு செய்யப்போவதில்லை.

மேலாளருக்கு எழுதும் அந்த மூன்று வரியை மட்டும் நாளையே அனுப்பிவிடு. கரண்ட் போகப் போகிறது, அதற்குள் முடிக்கிறேன். உன் பாஸில் உள்ள தேதியை எனக்கு எழுது, வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அப்பா