காபித் தோட்டத்தில் முள் தெரியவில்லை: ஏற்காட்டைக் களமாக வைத்து கேம் செய்யும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்துக் கல்லூரிகளில் 2டி கேம் உருவாக்கும் குழுக்களுக்கு வணக்கம்.

உங்களில் பலருக்கு முதலில் தோன்றும் களம் ஏற்காடுதான். காபிச் செடி, அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக், ஓக்கில் ஏறிய மிளகுக் கொடி, இலை இடுக்கில் விழும் வெயில் என்று எல்லாவற்றையும் பொறுமையாக வரைகிறீர்கள். படமாக மாட்டி வைத்தால் அருமையாக இருக்கும். ஓடவிட்டால், ஆடுகிறவர் முள்ளில் மோதிய பிறகுதான் அங்கே முள் இருந்ததே அவருக்குத் தெரிகிறது. லெவல் கடினமாக இருக்கிறது என்று அவர் சொல்வார். உண்மையில் அது கடினமாக இல்லை, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

ஒரு எடுத்துக்காட்டை வைத்தே பேசுவோம். காபி பறிக்கும் பெண் நாயகி. குரங்குகள் எதிரி. முட்புதரில் பட்டால் உயிர் போகும். பழுத்த காபிப் பழத்தைப் பொறுக்க வேண்டும். முள்ளுக்கு #C0392B என்ற சிவப்பு, பின்னணி இலைக்கு #3F7A35 என்ற பச்சை. சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள், பளிச்சென்று தெரியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நகரும் சிறு பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும்போது கண் பெரிதும் நம்புவது நிறத்தை அல்ல, வெளிச்ச அளவை. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 1 என்று வைத்தால், இந்தச் சிவப்பின் வெளிச்ச அளவு 0.143, பச்சையின் அளவு 0.152. இரண்டுக்கும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் கான்ட்ராஸ்ட் விகிதம் வரும். இங்கே அது 1.05. விகிதம் 1 என்றால் வித்தியாசமே இல்லை என்று பொருள். இணையப் பக்கங்களின் ஐகான்களுக்கே WCAG விதி குறைந்தது 3 கேட்கிறது. ஓடிக்கொண்டே பார்க்கும் முள்ளுக்கு அதற்கும் மேலேதான் வேண்டும்.

கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் இந்தக் கோளாறு தெரிந்துவிடும். ஆனால் எப்படி ஆக்குகிறீர்கள் என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. பட மென்பொருளில் Saturation அளவை -100க்கு இழுத்தால், பல மென்பொருள்கள் மிக உயர்ந்த சேனலையும் மிகக் குறைந்த சேனலையும் கூட்டிப் பாதியாக்கிச் சாம்பல் நிறம் தருகின்றன. அந்தக் கணக்கில் நம் சிவப்புக்கு 117, பச்சைக்கு 87 வரும். முள் நன்றாகவே தெரிகிறது என்று ஏமாந்து போவீர்கள். கேம் ஓடும்போதே சரியான கணக்கில் பாருங்கள். கோடாட் 4 என்றால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு CanvasLayer, அதில் திரை முழுக்க ஒரு ColorRect, அதன் மேல் இந்த ஷேடர்:

```
shader_type canvas_item;
uniform sampler2D scr : hint_screen_texture;
void fragment() {
    vec3 c = texture(scr, SCREEN_UV).rgb;
    float y = dot(pow(c, vec3(2.2)),
              vec3(0.2126, 0.7152, 0.0722));
    COLOR = vec4(vec3(pow(y, 1.0 / 2.2)), 1.0);
}
```

இதை ஒரு விசையில் வைத்து, வேண்டும்போது போட்டு அணையுங்கள். சாம்பல் திரையிலும் தடுமாறாமல் ஆட முடிந்தால் வெளிச்சப் பங்கீடு சரி.

இப்போது சரிசெய்வோம். முள்ளை இன்னும் சிவப்பாக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதனால் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் அடர்த்தி கூடினாலும் வெளிச்ச அளவு அதிகம் மாறாது. மாற்ற வேண்டியது பின்னணியை. ஏற்காட்டில் அதற்குப் பனிமூட்டம் இருக்கிறது! #C9D3CF போன்ற வெளிறிய சாம்பலைப் பின்னணி லேயரின் மேல் 60 விழுக்காடு அடர்த்தியில் பூசுங்கள். இலைப்பச்சை #92AF91 ஆகி, வெளிச்ச அளவு 0.39க்கு ஏறும். அதோடு முள்ளை #7A1F1A என்ற கருஞ்சிவப்புக்கு இறக்கினால் விகிதம் 4.3. தூரத்து மலைக்கு 80 விழுக்காடு, நடுத்தோட்டத்துக்கு 60, ஆடுகளத்துக்குப் பனியே வேண்டாம். நடு லேயரில் எந்தப் பிக்சலும் ஆடுகளத்து முள் அளவுக்கு இருட்டாக இருக்கக்கூடாது. பனி பூசிய பிறகு இலைக்கடியில் ஆசையாக வைத்த கருநிழல்தான் பெரும்பாலும் இதைக் கெடுக்கிறது. பனி போட்டால் பச்சை செத்துவிடும் என்பார் உங்கள் ஓவியர். அடர்பச்சையை நாயகி நடக்கும் தரையின் புல்லில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெளிச்சம் சரியானாலும் இலையின் அளவு காலை வாரும். முள் ஒவ்வொன்றும் 12 பிக்சல் உயரம் என்று வையுங்கள். பின்னணி இலைகளும் வெயில் பொட்டுகளும் அதே 10, 14 பிக்சலில் இருந்தால் கண் இரண்டையும் ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்ளும். முள்ளருகே உள்ள செடியைத் தனித்தனி இலையாக வரையாமல் 60, 80 பிக்சல் திட்டுகளாக வரையுங்கள். அப்போது திரையில் 12 பிக்சல் கூர்மை என்றால் அது முள் மட்டும்தான்.

அடுத்தது நிழலுரு. ஸ்பிரைட்டை முழுக்கக் கறுப்பால் நிரப்பி, கேமில் வரும் அதே அளவில் பாருங்கள். நின்றால் பெண்ணும் குரங்கும் வேறுதான். பெண் குனிந்து குரங்கு உட்கார்ந்தால் இரண்டும் ஒரே உருண்டை. ஆபத்தான நேரமும் அதுதான். குரங்குக்கு வாலை உடம்பிலிருந்து விலக்கி மேலே தூக்குங்கள்; வாலுக்கும் முதுகுக்கும் நடுவே குறைந்தது 4 பிக்சல் இடைவெளி இல்லாவிட்டால் போனில் ஒட்டிக்கொள்ளும். பெண்ணுக்கு முதுகுக் கூடை எல்லா அசைவிலும் வெளியே துருத்த வேண்டும். தோட்டத்துப் பெண்கள் சேலைக்கு மேல் போடும் முழுக்கைச் சட்டை இங்கே கைகொடுக்கிறது. சட்டைக்கு #1F2A44 கருநீலம் கொடுத்தால் பனிப் பின்னணியில் விகிதம் கிட்டத்தட்ட 6. தலைத்துணியை வெளுப்பாக வைத்தால் இருட்டான இடத்தில் அது காட்டிக்கொடுக்கும். பகலில் உடம்பு தெரியும், இரவில் தலை தெரியும்.

பழம் பறிக்கும் பருவம் என்று பின்னணிச் செடியெல்லாம் சிவப்புப் பழம் தொங்கவிடுவது உண்மைக்குச் சரி, கேமுக்குக் கேடு. பின்னணிக் காய்கள் பச்சையாகவே இருக்கட்டும். பளிச்சிடும் #C0392B சிவப்பு, பொறுக்க வேண்டிய பழத்துக்கு மட்டும். அதுவும் பனிப் பின்னணியில் 2.3தான் வரும், ஆகவே 2 பிக்சல் கருவளையம் போடுங்கள். 1 பிக்சல் வளையம் சின்னப் போனில் திரை சுருங்கும்போது அங்கங்கே அறுந்துவிடும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் ஆடுவார்கள். அவர்களுக்காகப் பழமெல்லாம் வட்டம், முள்ளெல்லாம் முக்கோணம் என்று வையுங்கள். முக்கோணத்தை அலங்காரத்துக்குக்கூட வேறெங்கும் தொடாதீர்கள், வேலிக் கம்பி முனைக்கும்கூட.

கடைசியாக, சேர்வராயன் மலையின் பாக்சைட் செம்மண்ணில் ஒரு லெவல் வைப்பவர்களுக்கு. #8A4B32 மண்சுவரில் நம் கருஞ்சிவப்பு முள்ளின் விகிதம் 1.5க்கு விழுந்துவிடும், சட்டையும் 2.1தான். அந்த லெவலுக்கென்று முள்ளுக்கும் நாயகிக்கும் நிறம் மாற்றினால், அதுவரை ஆடிப் பழகிய கண் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும். சுவரை மாற்றுங்கள். பனிக்குப் பதில் தூசி: சுவரை #C79A7E வரை வெளிறவிட்டால் முள் 4.1க்கு ஏறும், சட்டை 5.7. பிறகு போனை நடுப்பகலில் வெளியே எடுத்துப்போய், திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்து ஆடிப் பாருங்கள். வெயில் கண்ணாடியில் பட்டு எதிரொளித்து இருண்ட நிறங்களை வெளுக்கச் செய்யும். கணினித் திரையில் 3 என்று இருந்தது அங்கே 3 ஆக இருக்காது.

இப்படிக்கு,
சேலத்தில் கேம்களுக்குப் படம் வரையும் சிலர்