ஞாயித்துக்கிழமை கடற்கரை நடைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்பாடு செஞ்ச அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

போன தடவை சிங்கப்பூர் உபின் தீவுல இருக்கற செக் ஜாவா கடற்கரைக்குப் போயிட்டு வந்ததைப் பத்தி குரூப்ல எல்லாரும் "ஒண்ணுமே தெரியல, வெறும் தண்ணி"ன்னு புலம்பிட்டாங்க, பசங்க பாவம், நட்சத்திர மீன் பாக்கலாம்னு சொல்லி கூட்டிட்டு வந்து, சாங்கியில வரிசையில நின்னு பம்போட் ஏறி, உபின்ல வேர்த்து ஊத்த நடந்து போனா போர்டுவாக்குக்கு கீழ முழங்கால் அளவு தண்ணி அப்படியே கிடக்கு. தண்ணி நல்லா இறங்கி நிக்கற லோ டைட் பகல் 12 மணிக்குன்னு டைட் டேபிள்ல இருந்தது உண்மைதான், நீங்க பொய் சொல்லல. ஆனா பக்கத்துலயே உயரம் 1.2 மீட்டர்னு போட்டிருந்தத யாரும் பாக்கல. அங்க தரை வெளிய வரணும்னா 0.5 மீட்டருக்கு கீழ இறங்கணும்.

அன்னிக்கு வானத்துல அரை நிலா. அதுதான் விஷயமே.

நிலாவும் சூரியனும் ரெண்டுமே கடலை இழுக்குது. ஆனா இழுக்கிற மொத்த பலம் முக்கியமில்ல, பூமியோட ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் அந்த இழுவையில எவ்வளவு வித்தியாசம்ங்கிறதுதான் கடலை ஏத்தி இறக்குது. நிலாவைப் பாத்திருக்கிற தண்ணிய நிலா அதிகமா இழுக்கும், பூமியோட நடுவ அதைவிட கம்மியா, அந்தப் பக்கத் தண்ணிய இன்னும் கம்மியா. மூணு பேர் கைகோத்து ஓடும்போது முன்னால போறவன் வேகமா ஓடி, கடைசில வர்றவன் பின்தங்கினா வரிசை ரெண்டு பக்கமும் நீளுதுல்ல, அப்படி பூமியோட ரெண்டு பக்கமும் தண்ணி புடைக்குது.

பம்போட்ல ஒரு அக்கா கேட்டாங்க, பௌர்ணமி அன்னிக்கு சூரியன் ஒரு பக்கம் நிலா எதிர்ப்பக்கம் இழுத்தா கேன்சல் ஆகிடாதான்னு. நல்ல கேள்வி. ஆகாதுக்கா, ஏன்னா ரெண்டும் தனித்தனியா ரெண்டு பக்கமும் புடைக்க வைக்குது, அதனால அமாவாசையோ பௌர்ணமியோ புடைப்பு மேல புடைப்பு விழும், அதான் ஸ்பிரிங் டைட். அரை நிலா அன்னிக்கு ரெண்டும் செங்குத்தா நின்னு, நிலா ஏத்துற இடத்துல சூரியன் இறக்குது. அது நீப் டைட்.

எவ்வளவு குறையும்னு கணக்கு போட்டே பாக்கலாம். சூரியன் நிலாவைவிட 2.7 கோடி மடங்கு எடை, 390 மடங்கு தூரம். இந்த இழுவை வித்தியாசம் தூரத்தோட மும்மடிக்கு ஏத்த மாதிரி குறையும், 390-ஐ மூணு தடவை பெருக்கினா 5.9 கோடி, 2.7-ஐ 5.9-ஆல வகுத்தா 0.46. நேரா இழுக்கிறதுல சூரியன் நிலாவைவிட கிட்டத்தட்ட 180 மடங்கு பலசாலி, ஆனா கடல் விஷயத்துல பாதி கூட இல்ல! நிலாவை 100-னு வெச்சா ஸ்பிரிங்ல 146, நீப்ல 54. நம்ம ஊர்ல ஸ்பிரிங் நாள்ல 0.2 மீட்டர்லேருந்து 3.1 மீட்டர் வரைக்கும் போற தண்ணி, நீப்ல 1.2-லேருந்து 2.3 வரைக்கும்தான் அசையும். கடலோட ஆழம், கரையோட வடிவம் எல்லாம் சேந்து இந்த அளவ கொஞ்சம் மாத்தும், ஆனா விகிதம் பாருங்க, கிட்டத்தட்ட ஒத்துவருது.

இன்னொண்ணு, இதுதான் நாம மாட்டிக்கிட்ட இடம். ஸ்பிரிங் சமயத்துல நிலா சூரியனோட ஒரே கோட்டுல இருக்கறதால, ஒரு ஊருக்கு ஸ்பிரிங் லோ டைட் எப்பவும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்துலதான் வரும். சிங்கப்பூருக்கு அது காலை மாலை 5, 6, 7 மணி வாக்குல. தினமும் 50 நிமிஷம் தள்ளிப்போகும், ஏழு நாள்ல ஆறு மணி நேரம், அதனால நீப்ல நட்டநடு பகல். பிள்ளைகளோட போக வசதியா மதியம் லோ டைட் இருக்கற ஞாயிறு தேடினீங்க பாருங்க, தேடித்தேடி நீப்பையே புடிச்சிருக்கீங்க லா.

அடுத்த தடவை அமாவாசை, பௌர்ணமிக்கு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு வர்ற ஞாயிறப் பாருங்க, கடல் நிலாவுக்கு சரியா அன்னிக்கே பதில் சொல்றதில்ல, கொஞ்சம் லேட்டாதான். ஏப்ரல்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் நல்லா இறங்கறது விடியக்காலையில, வருஷக் கடைசில சாயங்காலம், காரணம் நிலாவும் சூரியனும் பூமத்திய ரேகைக்கு நேரா இல்லாம வடக்கே தெற்கே போறதால ரெண்டு லோ டைட்டும் சமமா இருக்காது. செக் ஜாவா 8.30-க்குதான் திறக்கும், அதனால விடியக்காலைக்கு சாங்கி கடற்கரைக்கே போயிடலாம், போட் தேவையில்ல.

தண்ணி முழுசா இறங்கினதும் கரைக்கு திரும்பிடணும், ப்ளீஸ். ஸ்பிரிங் நாள்ல ஏறப்போறது கிட்டத்தட்ட 3 மீட்டர், அதுல பாதி நடுவுல வர்ற ரெண்டு மணி நேரத்துலயே ஏறிடும். பசங்க நண்டு பாத்துட்டு குனிஞ்சே நிப்பாங்க, யாராவது ஒருத்தர் கடிகாரத்தோட கரைப்பக்கம் நின்னா போதும், நான் நிக்கறேன், காப்பி மட்டும் யாராவது கொண்டு வாங்க.