கோட்டோரம் கொஞ்சம் வழி விடுங்கள்: போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கால்பந்துப் போட்டி நடத்தும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் நீங்கள் நடத்தும் போட்டிகளில் பல வருடங்களாக விசிலும் ஊதியிருக்கிறேன், கொடியும் பிடித்திருக்கிறேன். பரிசுக் கோப்பை, பந்தல், மைக் செட், மதியச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் அக்கறையாகச் செய்கிறீர்கள். லைன்ஸ்மேன் விஷயத்தில் மட்டும் அந்த அக்கறை இல்லை. அதனால் என்ன ஆகிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

சில வருடங்களுக்கு முன்னால் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு அரையிறுதி. அன்று கொடி என் கையில். செம்மண் மைதானம், காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. இரண்டாம் பாதி தொடங்கும்போதே கூட்டம் கோட்டுக்கு வந்துவிட்டது. வண்டிகளைக் கொண்டுவந்து முன்சக்கரம் கோட்டைத் தொடும்படி நிறுத்தியிருந்தார்கள். ஆட்டம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது பந்தை நீளமாகத் தூக்கி அடித்தார்கள். டிஃபெண்டருக்கு நேராகப் போய் நிற்க ஓடினேன். வழியில் ஒரு வண்டி. அதைச் சுற்றி வருவதற்குள் நான் 4 மீட்டர் பின்தங்கிவிட்டேன். பந்து உதைபட்ட அந்த நொடியில் நான் பார்த்த வரைக்கும் ஸ்ட்ரைக்கர் சரியான இடத்தில்தான் இருந்தார். கொடி தூக்கவில்லை. கோல்.

தோற்ற அணியின் பயிற்சியாளர் சாயங்காலம் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். டிஃபெண்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த யாரோ எடுத்தது. ஸ்ட்ரைக்கர் 2 மீட்டர் முன்னால் நிற்கிறார். சந்தேகத்துக்கு இடமில்லாத ஆஃப்சைடு. இன்றைக்கும் அந்தப் பையன்களை எங்கே பார்த்தாலும் எனக்கு மனசு சங்கடப்படும்.

நான் கண்ணை மூடிக்கொண்டா நின்றேன்? இல்லை. கணக்கைப் பாருங்கள். அந்த டிஃபெண்டர் என் கோட்டிலிருந்து சுமார் 10 மீட்டர் உள்ளே இருந்தார். ஸ்ட்ரைக்கர் அந்தப் பக்கம், சுமார் 40 மீட்டர் தூரத்தில். நான் நடுக்கோட்டுப் பக்கமாக 4 மீட்டர் பின்தங்கி இருந்ததால் என் பார்வை நேராகப் போகவில்லை, சாய்வாகப் போனது. டிஃபெண்டரின் தோளை உரசிக்கொண்டு போகும் அந்தச் சாய்வுக்கோடு, 40 மீட்டர் தூரத்தை எட்டும்போது டிஃபெண்டரைத் தாண்டி கோல் பக்கமாக 12 மீட்டர் போயிருக்கும். அந்த 12 மீட்டருக்குள் யார் நின்றாலும் எனக்கு ஆன்சைடாகத்தான் தெரியும். 2 மீட்டர் எந்த மூலைக்கு?

இதே பிசகு மறுபக்கமும் வெட்டும். டிஃபெண்டர் தூரத்தில், ஸ்ட்ரைக்கர் எனக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 4 மீட்டர் பின்தங்கல் இருந்தால், ஒரு மீட்டர் பின்னால் ஒழுங்காக நிற்கிற பையன்கூட முன்னால் நிற்பதுபோல் தெரிவான். நல்ல கோலுக்குக் கொடி தூக்கிவிடுவோம். லைன்ஸ்மேன் எந்நேரமும், கோல்கீப்பரையும் சேர்த்து எண்ணி, கடைசிக்கு முந்தைய டிஃபெண்டருக்கு நேராக நிற்க வேண்டும், பந்து அவரையும் தாண்டி கோல் பக்கம் போய்விட்டால் பந்துக்கு நேராக ஓட வேண்டும் என்று விதி சொல்வது இதற்காகத்தான். கோல்கீப்பர் முன்னேறி வந்துவிட்டால் அந்த ‘கடைசிக்கு முந்தைய’ ஆளே மாறிவிடுவார். அதனால் கோலைப் பார்த்து அல்ல, ஆட்களை எண்ணித்தான் நிற்க வேண்டும்.

“நடுவில் ரெஃப்ரி இருந்தாரே, அவர் பார்த்திருக்கக் கூடாதா?” என்று அன்று மைக்கிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ரெஃப்ரி மைதானத்தின் நட்ட நடுவில் ஓடுவதில்லை. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை நோக்கிக் குறுக்காக ஓடுகிறார். இரண்டு லைன்ஸ்மேன்களும் எதிரெதிர்க் கோடுகளில், ஆளுக்குப் பாதி மைதானம். ஆட்டம் எப்போதும் ரெஃப்ரிக்கும் அந்தப் பாதியின் லைன்ஸ்மேனுக்கும் நடுவில் சிக்கியிருக்க வேண்டும். ஒரே மோதலை இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து பார்ப்பார்கள். ஒருவருக்கு மறைந்த கால் இன்னொருவருக்குத் தெரியும். ரெஃப்ரி தலை நிமிர்ந்தால் ஆட்டத்துக்குப் பின்னாலேயே கொடியும் கண்ணில் படும். இந்த ஏற்பாட்டைப் பரவலாக்கியவர் இங்கிலாந்தின் ஸ்டான்லி ரூஸ். 1934 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு ரெஃப்ரியாக இருந்தவர், பின்னாளில் ஃபிஃபா தலைவரும் ஆனார்.

இப்போது உங்கள் வழக்கத்துக்கு வருகிறேன். லைன்ஸ்மேன் வரவில்லை என்றால் காலையில் தோற்ற அணியிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டு, துண்டையோ கர்ச்சீப்பையோ கையில் கொடுத்து நிறுத்திவிடுகிறீர்கள். பந்து கோட்டைத் தாண்டியதா என்று சொல்ல அந்தப் பையன் போதும். ஆஃப்சைடை அவனிடம் விட முடியாது. அப்போது ரெஃப்ரியே ஆஃப்சைடும் பார்க்க வேண்டும். அதற்காக ஓரமாக ஒதுங்கி, டிஃபெண்டர்களுக்கு நேராக வர முயல்வார். ஒதுங்கினால் மோதல் நடக்கும் இடத்தை விட்டு 30 மீட்டர் தள்ளிப்போவார். தள்ளி நின்று ஊதும் விசிலை ஆட்டக்காரர்கள் நம்புவதில்லை, சண்டைக்கு வருகிறார்கள். உங்கள் மைதானத்தில் நடக்கும் சண்டைகளில் நான் பார்த்த பாதி இப்படித் தொடங்கியவைதான்.

கொடியும் சும்மா ஆட்டுவதற்கு அல்ல. ஆஃப்சைடு என்றால் முதலில் நேராக மேலே தூக்க வேண்டும், விசில் வரும்வரை அப்படியே. விசில் வந்ததும் கொடி காட்டும் உயரம் இடத்தைச் சொல்லும். சாய்வாக மேலே காட்டினால் அந்தப் பக்கம், தோள் உயரத்தில் நீட்டினால் நடுவில், சாய்வாகக் கீழே இறக்கினால் இந்தப் பக்கம். அந்த ஒரு அசைவில் ஃப்ரீ கிக் எங்கே என்ற வாக்குவாதமே எழாது. கோல் சரி என்றால் கொடி தூக்காமல், கோட்டோரமாக நடுக்கோட்டை நோக்கி 25, 30 மீட்டர் வேகமாக ஓட வேண்டும். அதைப் பார்த்துத்தான் ரெஃப்ரி கோலை உறுதி செய்கிறார். அப்புறம், முன்னால் நிற்பதே குற்றமில்லை, ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம் என்பதால் கொடியைத் தூக்க ஒரு நொடி பொறுக்க வேண்டும். “தூங்குறியாய்யா?” என்று கூட்டம் கத்துவது பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான். வண்டிக்குப் பின்னாலிருந்தோ குடைக்குப் பின்னாலிருந்தோ தூக்கினால் இதில் எதுவும் ரெஃப்ரிக்குத் தெரியாது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி இரண்டு பக்கமும் கயிறு கட்டுங்கள். வண்டிகள் கயிற்றுக்கு வெளியே. அரையிறுதியிலிருந்தாவது ஆஃப்சைடு பார்க்கத் தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, பேருந்துக் காசும் சாப்பாடும் கொடுங்கள். பளிச்சென்று தெரிகிற நிறத்தில் இரண்டு கொடி. ஆட்டத்துக்கு முன்னால் ரெஃப்ரியும் அவர்களும் தனியாகப் பேச பத்து நிமிடம் கொடுங்கள். யார் எந்தப் பாதி, பெனால்டி ஏரியாவுக்குப் பக்கத்தில் ஃபவுல் என்றால் யார் முதலில் காட்டுவது, ரெஃப்ரி முதுகு திருப்பியிருக்கும்போது அடித்துக்கொண்டால் எப்படிக் கூப்பிடுவது என்று முடிவு செய்ய அது போதும். இப்போது அந்த நேரத்தில் சிறப்பு விருந்தினருக்குக் கை கொடுக்க எங்களை வரிசையில் நிறுத்துகிறீர்கள்.

வரும் பொங்கலுக்குக் கூப்பிடுங்கள், வருகிறேன். முதல் நாளே வந்து கயிறு கட்டுகிற பையன்களோடு நிற்கிறேன். கொடி பிடிக்க ஆசையுள்ள பிள்ளைகள் இருந்தால் சாயங்காலம் மைதானத்துக்கு அனுப்புங்கள். டிஃபெண்டராக ஒருவன், ஸ்ட்ரைக்கராக ஒருவன், கோட்டில் 4 மீட்டர் இடைவெளியில் இரண்டு கல். முதலில் ஒரு கல்லிலும் அடுத்து இன்னொரு கல்லிலும் கொடி பிடிக்க வந்த பிள்ளைகளை நிற்கவைத்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மைதானங்களில் கொடி பிடித்த ஒருவன்
கிருஷ்ணகிரி