ஞாயிறு ரம்மிப் போட்டி: இருக்கையும் புள்ளிக் கணக்கும்

உறுப்பினர்களுக்கு வணக்கம். குறுவை நடவு முடிந்து எல்லோரும் ஊரிலேயே இருப்பதால், வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு, பணம் வைக்காத 13 சீட்டு ரம்மிப் போட்டியை நம் தெரு மண்டபத்தில் நடத்துகிறோம்.

இருபது பேருக்கு 5 மேசைகள். ஒவ்வொன்றிலும் அ, ஆ, இ, ஈ என நான்கு இருக்கைகள். முதல் சுற்றின் இடம் குலுக்கலில் அமையும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அ வரிசை அசையாதிருக்க, ஆ ஒரு மேசையும், இ இரண்டும், ஈ மூன்றும் தள்ளி அமர வேண்டும். முதல் மேசையில் தொடங்கும் ஈ, அடுத்து 4, 2, 5, 3 என்று போவார். இவ்வாறு 5 சுற்றுகளில் ஒவ்வொருவரும் பிற வரிசையினர் 15 பேரையும் சரியாக ஒருமுறை சந்திப்பார். தம் வரிசையிலுள்ள நால்வரை மட்டும் சந்திக்க மாட்டார். அதனால்தான் சமநிலையை முறிக்க நேரடி மோதலை நாம் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு சுற்றுக்கு 4 ஆட்டங்கள். ஆளுக்கு ஒருமுறை சீட்டுப் போடுவார். முதல் சீட்டை எடுக்கும் முன்பே ஸ்கூட் ஆனால் 20, நடுவில் விலகினால் 40, அதிகபட்சம் 80. ஒரே ஒரு மோசமான கை முழு நாளையும் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, சுற்று முடிவில் குறைந்த புள்ளி வரிசைப்படி 4, 3, 2, 1 தருகிறோம். இரண்டாம் இடத்தில் இருவர் சமமானால் ஆளுக்கு 2.5. இறுதி மொத்தமும் சமமானால், சீட்டுப் புள்ளி குறைந்தவர் முந்துவார். அதுவும் ஒன்றானால் ஒரே ஆட்டம் தீர்மானிக்கும்.