அணைக்காமல் வந்த விளக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம்.

உன் பையன் வகுப்பில் ஒரு நாவலைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும், ஆனால் வாயைத் திறந்தால் ஐந்து நிமிடம் ஆகிறது என்று எழுதியிருந்தாய். போன மாதம் என் சின்னவளோடு இதே பாடுதான் பட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், அவனுக்கு உதவும்.

அவள் எடுத்துக்கொண்டது ஜூல்ஸ் வெர்ன் எழுதிய நாவல், எண்பது நாளில் உலகத்தைச் சுற்றி வருகிறேன் என்று ஒருவர் பந்தயம் கட்டுகிற கதை. முதலில் லண்டன், சூயஸ், பம்பாய், கல்கத்தா என்று ஊர் ஊராக எழுதிக்கொண்டு வந்தாள். ஹாங்காங் போவதற்குள் இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. ஆனாலும் விடாமல் கடைசிவரை படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டிருந்த பெரியவள், "அதான் முழுக் கதையும் தெரிஞ்சுபோச்சே, இனிமே எதுக்குப் படிக்கணும்?" என்றாள். சின்னவளுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கோ அந்தக் கேள்விதான் சரியான கேள்வி என்று பட்டது. இந்தப் பேச்சைக் கேட்டவர்கள் புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டும். கதையே கையில் கிடைத்துவிட்டால் யார் தேடுவார்கள்?

பேப்பரை வாங்கி வைத்துவிட்டு, "படிக்கும்போது எந்த இடத்தில் உனக்குச் சிரிப்பு வந்தது?" என்று கேட்டேன். யோசிக்காமல், "கேஸ் விளக்கு" என்றாள். அதிலிருந்தே ஆரம்பித்தோம். அவள் பேச்சின் தொடக்கம் இப்படி அமைந்தது:

"லண்டனில் ஓர் அறை. ஆள் இல்லை. கேஸ் விளக்கு மட்டும் எரிகிறது. அணைக்க வேண்டியவன் ரயிலில் போய்க்கொண்டிருக்கிறான். அவன் திரும்பி வர எண்பது நாள் ஆகும்."

அந்த ஆள்தான் வேலைக்காரன் பாஸ்பார்த்து. இனியாவது அமைதியாக ஓரிடத்தில் இருக்கலாம் என்று அன்று காலையில்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அன்று மாலையே எஜமானர் 20,000 பவுண்டு பந்தயம் கட்டிவிட்டு அவனையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ரயிலில் விளக்கு நினைவு வந்து அவன் பதறுகிறான். அவர் அசையவே இல்லை, உன் செலவில் எரியட்டும் என்று விட்டுவிடுகிறார். பிறகு அவன் உட்கார்ந்து கணக்குப் போடுகிறான். நாளொன்றுக்கு விளக்குக்கு ஆகும் செலவு 2 ஷில்லிங், அவன் சம்பாதிப்பதைவிட 6 பென்ஸ் அதிகம்!

இந்த ஒரு காட்சியிலேயே எதற்கும் திரும்பிப் பார்க்காத எஜமானரும், அவர் பின்னால் ஓடி அலுத்துப்போகும் வேலைக்காரனும் வந்துவிட்டார்கள். மற்றப் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டோம். அப்புறம், வங்கியில் 55,000 பவுண்டு திருடியவர் இவர்தான் என்று நம்பி ஒரு துப்பறிவாளர் பின்தொடர்வதை மட்டும் ஒரு வரியில் சொல்லி, கதையை அங்கே நிறுத்திவிட்டாள். அவர் திருடரா இல்லையா என்று மூச்சே விடவில்லை.

"எல்லோரும் அவசியம் படிக்க வேண்டும்" என்ற வரியையும் அடித்துவிட்டேன். அதைக் கேட்டு யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதிலாக, வரைபடத்தை விரித்து ஊர் தேடுகிறவர்களுக்கு இது பிடிக்கும், நடுவில் பயண விவரங்கள் நீளமாக வரும், அதைத் தாண்டிவிட்டால் வேகம் பிடித்துவிடும் என்று உள்ளதைச் சொன்னாள். குறையையும் சொன்னதால்தான் மற்றதை நம்பினார்கள் என்று நினைக்கிறேன். அன்றைக்கே இரண்டு பேர் புத்தகத்தைக் கேட்டார்களாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, மனதுக்குள் படித்துப் பார்ப்பது ஏமாற்றிவிடும். எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்லச் சொல். கடிகாரம் வைத்துப் பார்த்ததில் என் மகள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 95 சொல் பேசினாள். அப்படியென்றால் இரண்டு நிமிடத்துக்கு 190 வருகிறது. நாங்கள் 160-இல் நிறுத்திக்கொண்டோம். மிச்சம், மூச்சு விடவும் மற்றவர்கள் சிரித்து ஓயவும். பதற்றத்தில் பிள்ளைகள் வேகமாகப் பேசிவிடுவார்கள். அதனால் "எண்பது நாள் ஆகும்" என்று சொன்னதும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் அடுத்த வரி என்று பழக்கினேன்.

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்ய விடாதே. ஒரு சொல் தவறினால் மொத்தமும் நின்றுவிடும், எங்கள் வீட்டில் இரண்டு முறை நின்றது. முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் மனப்பாடம். நடுவுக்கு ஒரு சின்ன அட்டையில் ஐந்து குறிப்பு: விளக்கு, பந்தயம், ஆறு பென்ஸ், துப்பறிவாளர், யாருக்கு. கடைசி வரியில் நாவலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் நிதானமாகச் சொல்லட்டும். தொடக்கத்தில் சொன்னது பலருக்கு அதற்குள் மறந்திருக்கும்.

உன் பையன் எந்த நாவலை எடுத்திருக்கிறான் என்று நீ எழுதவே இல்லையே! எதுவானாலும் சரி, அதைப் படித்துக்கொண்டிருந்தபோது பாதியில் எழுந்து வந்து, "அம்மா, இதைக் கேளேன்" என்று உன்னிடம் ஏதாவது சொன்னானா? அப்படிச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலிருந்தே தொடங்கச் சொல். பேசி முடித்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி