ஆபீஸ் நெட்வொர்க்கோட 192.168.1-ஐ மாத்துங்க: நம்ம ஐடி டீமுக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

ஐடி டீம்ல இருக்கிறவங்களுக்கும் நிர்வாகத்துல இருக்கிறவங்களுக்கும் வணக்கம்,

வீட்லேர்ந்து வேலை பாக்குறவங்க போன் பண்ணி "விபிஎன் கனெக்ட் ஆகுது, பச்சை கலர் காட்டுது, ஆனா டேலி சர்வர் மட்டும் திறக்க மாட்டேங்குது"ன்னு சொன்னா நாம இத்தனை நாளா ஒரே பதில்தான் சொல்றோம், உங்க பிராட்பேண்ட் சரியில்ல, இல்லன்னா உங்க ரூட்டரை மாத்துங்க. ரெண்டுமே தப்பான பதில்னு நான் நினைக்கிறேன். கோளாறு அவங்க வீட்ல இல்ல, நம்ம ஆபீஸ் நெட்வொர்க் அட்ரஸ்ல இருக்கு, அதை விவரமா சொல்லத்தான் இந்த மடல்.

நம்ம ஆபீஸ் நெட்வொர்க் 192.168.1.0/24, அதாவது 192.168.1-ல தொடங்குற அட்ரஸ் எல்லாம். ஃபைலும் டேலியும் இருக்கிற சர்வர் 192.168.1.10. இந்த ஊர்ல பாதி வீட்டு ரூட்டர் பெட்டியிலேர்ந்து வரும்போதே இதே 192.168.1 வரிசையோடதான் வருது. அக்கவுண்ட்ஸ்ல இருக்கிற அக்கா ஒருத்தங்க வீட்டை எடுத்துக்குவோம், ரூட்டர் 192.168.1.1, லேப்டாப் 192.168.1.34. டனல், அதாவது ஆபீஸுக்குப் போற விபிஎன் பாதை, ஏறினதும் நம்ம விபிஎன் சர்வர் அவங்க லேப்டாப்புக்கு "192.168.1.0/24 எல்லாம் என் வழியா வா"ன்னு ஒரு ரூட், அதாவது வழிக்குறிப்பு, அனுப்புது. ஆனா அந்த லேப்டாப்ல ஏற்கனவே அதே 192.168.1.0/24 "இங்க வைஃபைலயே இருக்கு"ன்னு இன்னொரு ரூட் இருக்கு. பொதுவா அதிகமா பொருந்துற, அதாவது சின்ன வரிசையைக் குறிக்கிற ரூட்தான் ஜெயிக்கும், இங்க ரெண்டும் ஒரே அளவு, அதனால மெட்ரிக், அதாவது எந்த வழிக்கு முன்னுரிமைன்னு சொல்ற எண், குறைவா இருக்கிறது ஜெயிக்குது. அவங்க லேப்டாப்ல வைஃபை ஜெயிச்சுடுச்சு. லேப்டாப் 192.168.1.10-ஐ வீட்டுக்குள்ளயே தேடுது, பாக்கெட் டனல் பக்கமே போகல. ரெண்டு ஊர்லயும் 12, காந்தி தெருன்னு வீடு இருந்து, கவர்ல ஊர் பேரே எழுதாம போட்டா தபால்காரர் பக்கத்து தெருவுலதான கொடுப்பார், அதே கதைதான்.

இதுல நம்மளை குழப்புறது என்னன்னா எல்லார்க்கும் ஒரே மாதிரி நடக்காது. வைஃபை ஜெயிச்சா சர்வர் கிடைக்காது. சில லேப்டாப்ல மெட்ரிக் வேற மாதிரி இருந்து டனல் ஜெயிச்சுடும், அப்போ சர்வர் திறக்கும், ஆனா வீட்டு பிரிண்டர் காணாம போயிடும், சிலருக்கு கனெக்ஷனே கொஞ்ச நேரத்துல விழுந்துடும். அதனால ஒவ்வொரு புகாரும் தனித்தனி பிரச்சினை மாதிரி தெரியுது, வேர் ஒண்ணுதான்.

கண்டுபிடிக்கிறது கஷ்டமே இல்ல. டனல் ஏறின நிலையில பவர்ஷெல்ல இதை அடிக்கச் சொல்லுங்க:

```
Find-NetRoute -RemoteIPAddress 192.168.1.10
```

பதில்ல வர்ற இன்டர்ஃபேஸ் பேரு வைஃபைன்னா விஷயம் முடிஞ்சது. பிங் அடிச்சா "Reply from 192.168.1.34: Destination host unreachable"னு வரும், அந்த 34 அவங்க லேப்டாப்போட சொந்த அட்ரஸ்தான், அதாவது பாக்கெட் வீட்டை விட்டே வெளிய போகலன்னு லேப்டாப்பே சொல்லுது. இதை விட மோசம் பிங்குக்கு ஒழுங்கா பதில் வர்றது. அக்கா வீட்ல சிசிடிவி பெட்டிக்கு 192.168.1.10 கிடைச்சிருந்துது, பிங் 2 மில்லிசெகண்ட்ல பதில் குடுத்துச்சு, சர்வர் உயிரோட இருக்குன்னு நாம டேலி பக்கம் போய் தேடிட்டு இருந்தோம். ஊர் தாண்டி டனல் வழியா வர்ற பதில் 2 மில்லிசெகண்ட்ல வராது, அங்கயே சந்தேகம் வந்திருக்கணும். `arp -a` அடிச்சா வைஃபை பட்டியல்லயே 192.168.1.10 இருக்கும், டனலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மெஷின் அந்தப் பட்டியல்ல வரவே வராது.

மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டா எல்லாம் வேலை செய்யுதுன்னு சொல்லி பிராட்பேண்ட் மேல பழி போடுறோம் பாருங்க, அதுக்கும் காரணம் இதுதான். ஐபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10 வரிசைல அட்ரஸ் குடுக்குது, அது நம்மோட மோதல, அவ்வளவுதான். ஜியோ ஃபைபர் வீட்ல இருக்கிறவங்களுக்கு பெரும்பாலும் புகாரே வராததும் அதனாலதான், அங்க வழக்கமா 192.168.29 வரிசை.

சரி, வீட்டு ரூட்டரை மாத்தச் சொன்னா என்னன்னு கேப்பீங்க. பிஜில தங்கியிருக்கிற பையனுக்கு ரூட்டர் பாஸ்வேர்டே தெரியாது, மாடி வீட்ல இருக்கிறவங்க ஹவுஸ் ஓனர் வைஃபை வாங்கி ஓட்டுறாங்க, கிளையன்ட் ஊருக்குப் போறவங்க லாட்ஜ் வைஃபைல உக்காந்திருக்காங்க. சொந்த ரூட்டர் வச்சிருக்கிறவங்களும் வரிசையை மாத்தினா கேமரா, பிரிண்டர்னு அட்ரஸ் கையால போட்டு வச்சது எல்லாம் நின்னுடும், அதையும் அவங்களே சரி பண்ணணும். நாம ஒரு இடத்துல மாத்தினா முடியுற வேலையை ஏன் அத்தனை வீட்டுக்கும் பங்கு போடணும்?

முழு டிராஃபிக்கையும் டனல்ல விட்டா சரியாகும்னு போன மீட்டிங்ல ஒரு யோசனை வந்துச்சு, ஆகாது. எல்லாத்தையும் டனலுக்கு அனுப்புற டீஃபால்ட் ரூட் எவ்வளவு பெருசா இருந்தாலும் வைஃபையோட /24 அதை விட குறுகலானது, அதுதான் ஜெயிக்கும். சர்வருக்கு மட்டும் 192.168.1.10/32னு ஒத்தை ரூட் அனுப்பலாம், அது எந்த /24-ஐயும் ஜெயிச்சுடும், இன்னைக்கே பண்ணலாம். ஆனா அக்கா வீட்டு கேமரா பெட்டி அதோட மறைஞ்சு போகும், அதுவும் இல்லாம எந்த மெஷினுக்கெல்லாம் போடணும்னு பட்டியல் நீண்டுகிட்டே போகும்.

இடைக்காலத்துக்கு என் சிபாரிசு வேற. விபிஎன் சர்வர்ல ஆபீஸ் வரிசைக்கு ஒரு மாற்று அட்ரஸ் வரிசை குடுத்துடுவோம், வெளியிலேர்ந்து வர்றவங்களுக்கு 10.77.41.0/24, உள்ள வந்ததும் அது 192.168.1-ஆ மாறிடும், கடைசி எண் அப்படியே இருக்கும்:

```
iptables -t nat -A PREROUTING -i tun0 \
  -d 10.77.41.0/24 -j NETMAP --to 192.168.1.0/24
```

நம்ம ஓபன்விபிஎன் கான்ஃபிக்ல 192.168.1.0 ரூட்டை எடுத்துட்டு இதைப் போடணும்:

```
push "route 10.77.41.0 255.255.255.0"
```

அக்காவுக்கு சர்வர் இனிமே 10.77.41.10, சர்வர் பக்கம் எதையும் தொட வேண்டாம், பதில் திரும்பி வரும்போது அட்ரஸை லினக்ஸே மாத்தி விட்டுடும். ஒரே ஒரு இடம் மறக்கக் கூடாது, பேரை அட்ரஸா மாத்திக் குடுக்குற டிஎன்எஸ். டனல்ல இருக்கிறவங்க சர்வர் பேரைக் கேட்டா 10.77.41.10னு பதில் வரணும், பழைய 192.168.1.10-ஐ குடுத்தா மறுபடியும் வீட்டுக்குள்ளதான் தேடும். டிஎன்எஸ் சர்வரோட அட்ரஸையும் புது வரிசைலதான் அவங்களுக்கு அனுப்பணும்.

ஆனா இது ஒட்டு வேலை. நிரந்தர வழி ஆபீஸ் வரிசையையே மாத்துறது. இந்த பிரைவேட் அட்ரஸ் எல்லாத்தையும் ஒதுக்கின இன்டர்நெட் ஆவணம் ஆர்எஃப்சி 1918, 1996-லயே சொல்லிடுச்சு, இதுல ஏதோ ஒரு வரிசையை குத்துமதிப்பா பொறுக்கி எடுங்க, அப்போதான் மோதாதுன்னு. பெட்டில வந்ததையே விட்டதுதான் நம்ம சிக்கல். 10.77.40.0/24 மாதிரி யாரும் போடாத ஒண்ணை எடுங்க. 192.168.0 வேண்டாம், அதுவும் வீட்டு ரூட்டர் வரிசை. 172.17 வேண்டாம், டெவலப்பர் லேப்டாப்ல டாக்கர் வழக்கமா அதைத்தான் எடுத்துக்கும்.

ஒரே ராத்திரில மாத்தணும்னு இல்ல. ஆபீஸ் ரூட்டர்ல ரெண்டு வரிசையையும் கொஞ்ச நாள் சேர்த்து ஓட விடுங்க, டிஹெச்சிபி லீஸ் நேரத்தை, அதாவது தானா கிடைக்கிற அட்ரஸ் செல்லுபடியாகுற நேரத்தை, முன்னாடியே குறைச்சு வச்சா கம்ப்யூட்டர் எல்லாம் தானா புதுசுக்கு வந்துடும். வேலை வாங்குறது அட்ரஸ் கையால போட்டதுதான்: வருகைப் பதிவு மெஷின், ரெண்டு பிரிண்டர், ஸ்கேன் பண்ணி ஃபோல்டருக்கு அனுப்புற அந்த ஜெராக்ஸ் மெஷின், அப்புறம் டெஸ்க்டாப்ல `\\192.168.1.10`னு எழுதி வச்சிருக்கிற ஷார்ட்கட் எல்லாம். ஷார்ட்கட்ல இப்பவே எண்ணுக்குப் பதிலா சர்வர் பேரைப் போட்டுட்டா மாத்துற அன்னைக்கு அதுல கை வைக்க வேண்டியதே இல்ல.

நிர்வாகத்துக்கிட்ட கேக்குறது ரெண்டுதான். அந்த மாற்று அட்ரஸ் வேலைக்கு இந்த வாரமே அனுமதி குடுங்க, மாச முடிவு கணக்கு வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தை நிரந்தர மாற்றத்துக்கு ஒதுக்குங்க. கையால அட்ரஸ் போட்ட மெஷின் பட்டியலை நான் எழுதித் தர்றேன், அன்னைக்கு கூட இருந்து ஒவ்வொண்ணா மாத்தவும் வர்றேன். அதுவரைக்கும் ஹெல்ப் டெஸ்க்ல யாரும் "உங்க பிராட்பேண்ட் சரியில்ல"ன்னு சொல்றதுக்கு முன்னாடி மேல இருக்கிற அந்த பவர்ஷெல் வரியை ஒரு தடவை அடிக்கச் சொல்லுங்க.